எடுத்தாராம், போட்டாரோ, போட்டாரே: வாக்கியத்தின் கடைசி எழுத்து ஆங்கிலத்தில் எங்கே போகிறது?

வேலூரில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே ஓர் ஆள் நின்றே ஆக வேண்டிய இடம் ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவு. 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவ வேலை பெரிதாகி, இந்த ஊர் வங்காளம், வடகிழக்கு, ஆந்திரம் என்று பல பக்கத்து ஆட்களும் வந்து போகிற ஊராகிவிட்டது. மருத்துவர்களிலும் தமிழ் தெரியாதவர்கள் உண்டு. குடியாத்தம், அணைக்கட்டு, பேரணாம்பட்டுப் பக்கமிருந்து வருகிறவர் சொல்வதை நர்ஸோ கூட வந்த படித்த பிள்ளையோ ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்கிறார்கள். வாந்தி, மயக்கம், மாத்திரை எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடும். அதையெல்லாம் சொல்கிறவர் கண்ணால் பார்த்தாரா, காதால் கேட்டாரா, ஊகிக்கிறாரா, அடித்துச் சொல்கிறாரா என்பது மட்டும் வழியிலேயே நின்றுவிடும். தமிழில் அந்தச் செய்தி பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசி ஓர் எழுத்தில் இருக்கிறது. மொழிபெயர்க்கிறவர் அதை வெறும் பேச்சு வழக்கு என்று விட்டுவிடுகிறார்.

ஒரு மருமகள் மாமனாரை அழைத்து வந்து இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்:

“மாமா ராத்திரி ரெண்டு வாட்டி வாந்தி எடுத்தாராம். சக்கர மாத்திர போட்டாரோ இன்னாமோ. நேத்து காலையில போட்டாரே. இப்ப பஸ்ஸ வுட்டு எறங்குனதும் மயக்கமா ஒக்காந்துட்டாரு. தல சுத்துதுன்னு போன மாசமே இங்க வந்து சொன்னோம்ல.”

ஐந்து வாக்கியம், ஐந்து விதமான முடிவு. அவசரத்தில் இது ஆங்கிலத்தில் இப்படி ஆகும்: “ஹி வாமிட்டட் ட்வைஸ் லாஸ்ட் நைட். டிட் ஹி டேக் ஹிஸ் டேப்லெட்? ஹி டுக் இட் யெஸ்டர்டே மார்னிங். ஹி ஃபெல்ட் ஃபெயின்ட் ஆஃப்டர் தி பஸ். லாஸ்ட் மந்த் ஒன்லி வி டோல்ட் யூ.” இலக்கணம் தேடிப் பார்த்தால் பெரிய பிழை இல்லை. ஆனால் முதல் வாக்கியத்தில் சாட்சி மாறிவிட்டது, இரண்டாவது மருத்துவரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி ஆகிவிட்டது, மூன்றாவதில் இருந்த மறுப்பு காணோம், ஐந்தாவது சொல்ல வந்ததற்கு நேர் எதிராகப் போய்விட்டது. நான்காவது ஒன்றுதான் பிழைத்தது. அதன் கடைசியில் ஆம், ஓ, ஏ போன்ற ஒட்டு எதுவும் இல்லை என்பதால்.

சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பிட்டது உள்ளே தங்காமல் வாந்தியாகப் போனால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடலாம். மாத்திரையையே போடாமல் விட்டிருந்தால் ஏறியிருக்கலாம். இரண்டிலும் மயக்கம் வரும். எனவே “போட்டாரோ”, “போட்டாரே” இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மருத்துவருக்கு வெறும் மொழி விஷயம் இல்லை.

ஆம்: கேட்டதைச் சொல்கிறேன்

“எடுத்தார்” என்பதோடு “ஆம்” ஒட்டினால் “எடுத்தாராம்”. சொல்கிறவர் ஒரு பொறுப்பைக் கைமாற்றி விடுகிறார்: இது எனக்கு வந்த சேதி, நான் பார்க்கவில்லை. இந்த ஒட்டு வினையோடு மட்டும் நிற்பதில்லை. “நல்ல டாக்டராம்”, “பெட் இல்லையாம்”, “நாளைக்கு வெறும் வயித்துல வரணுமாம்” என்று வாக்கியம் எதில் முடிந்தாலும் அதன் மேல் ஏறிக்கொள்ளும். “வரலாம்” என்பதில் இருப்பது வேறு ஆம், அது அனுமதி. இரண்டும் சேர்ந்தே வரும்: “உள்ள வரலாமாம்” என்றால் வரலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு நேர் ஒட்டு கிடையாது. வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒரு துண்டைச் சேர்க்க வேண்டும். எந்தத் துண்டு என்பதில்தான் சிக்கல். “ஹி சேஸ்” என்றால் அவரே சொன்னார் என்று ஆகிவிடும். தமிழ் “ஆம்” யார் சொன்னது என்று சொல்வதே இல்லை. மாமனாரே சொல்லியிருக்கலாம், மாமியார் சொல்லியிருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் போனில் சொல்லியிருக்கலாம். ஆங்கிலம் எழுவாய் கேட்கும். ஆகவே எடுத்துச் சொல்கிறவர் முதலில் செய்ய வேண்டியது, தமிழிலேயே திரும்பி ஒரு கேள்வி: “யாரும்மா சொன்னாங்க, அவரா? நீங்க பாக்கலையா?” கேட்க வழியில்லை என்றால் “ஐ வாஸ் டோல்ட் ஹி வாமிட்டட் ட்வைஸ்” என்பது பாதுகாப்பான வழி. சொன்னவரைக் குறிக்காமலே, இது கேள்விப்பட்டது என்பதைக் காப்பாற்றிவிடுகிறது.

பள்ளியில் படித்தவர்கள் உடனே எடுக்கும் சொல் “அப்பாரன்ட்லி”. அது பாதிதான் பொருந்தும். ஆங்கிலக்காரர் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதற்கும் சொல்வார், தடயம் பார்த்து ஊகித்ததற்கும் சொல்வார். தமிழில் இந்த இரண்டும் தனித்தனி அறை. மழை பெய்ததாகக் காட்பாடியிலிருந்து போன் வந்தால் “மழ பேஞ்சுச்சாம்”. வாசலில் ஈரம் பார்த்தால் “மழ பேஞ்சுச்சு போல” அல்லது “பேஞ்சிருக்கும்”. ஈரத்தைப் பார்த்துவிட்டு யாரும் “பேஞ்சுச்சாம்” என்று சொல்ல மாட்டார். ஊகத்துக்கு ஆங்கிலத்தில் “இட் மஸ்ட் ஹாவ் ரெயின்ட்” என்று துணைவினை தயாராக இருக்கிறது. கேள்விப்பட்டதற்கு “ஐ ஹியர்”, “ஐ வாஸ் டோல்ட்”, “தே சே”. “அப்பாரன்ட்லி” என்று ஒன்றையே போட்டுவிட்டால், மருத்துவர் அதை ‘அறையில் வாந்தி கிடந்ததைப் பார்த்திருக்கிறார்கள்’ என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

“அலெஜட்லி” இன்னும் மோசம். அது போலீஸ் ஸ்டேஷன், கோர்ட் பக்கத்துச் சொல். சொன்னவர் பொய் சொல்லியிருக்கலாம் என்ற வாடையோடு வரும். தமிழ் “ஆம்” தன்னளவில் யாரையும் சந்தேகிப்பதில்லை. நம்பாமல் சொல்வது குரலில் வரும்: “நல்ல டாக்டராம்...” என்று கடைசியை இழுத்தால்தான் கிண்டல். ஆங்கிலத்தில் “ஹி இஸ் சப்போஸ்ட் டு பி குட்” என்பதும் இதேபோல நடந்துகொள்கிறது. சாதாரணமாகச் சொன்னால் கேள்விப்பட்டது, “சப்போஸ்ட்” என்பதை அழுத்தினால் நம்பிக்கை இல்லை. உத்தரவு கைமாறி வரும்போதும் இதே சொல் உதவும். “வெறும் வயித்துல வரணுமாம்” என்பதற்கு “வி ஆர் சப்போஸ்ட் டு கம் ஃபாஸ்ட்டிங்” அழகாகப் பொருந்துகிறது.

“ஆம்” தன்மையில் வந்தால் கதை மாறும், இதைத் தவறவிடுவது ஆபத்து. விபத்தில் அடிபட்டு வந்த ஒருவர், “நான் குடிச்சிட்டு வண்டி ஓட்டுனேனாம்!” என்கிறார். தமிழ் காதுக்கு இது மறுப்பு. யாரோ அப்படிச் சொல்கிறார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. தான் செய்ததைத் தானே கேள்விப்பட வேண்டிய அவசியம் ஒருவருக்கு இல்லாததால், “நான்” என்பதோடு வரும் “ஆம்” பெரும்பாலும் தள்ளிவிடும் குரலாகிவிடுகிறது. இதை “ஹி சேஸ் ஹி வாஸ் டிரங்க்” என்று எழுதினால் அது ஒப்புதல் வாக்குமூலம். “ஹி சேஸ் அதர்ஸ் ஆர் க்ளெய்மிங் ஹி வாஸ் டிரங்க், ஹி டினைஸ் இட்” என்று இரண்டு துண்டாக உடைத்தால்தான் சரி. மயக்கத்தில் இருந்தவர் “நான் ஏதோ உளறினேனாம்” என்றால் அது மறுப்பு அல்ல, உண்மையிலேயே பிறர் சொல்லித் தெரிந்துகொண்டது. நினைவில் இருந்ததா இல்லையா என்று கேட்டால் இரண்டும் பிரிந்துவிடும்.

காது ஏமாறும் இடம் ஒன்றும் இருக்கிறது. பேச்சில் கடைசி “ம்” முழுதாக ஒலிப்பதில்லை, வாய் மூடுவதில்லை. முன்னால் இருக்கும் உயிரெழுத்து மூக்கால் வருவதோடு சரி. “எடுத்தாராம்”, “எடுத்தாரா” இரண்டும் சத்தமான கூடத்திலோ போனிலோ ஒன்றுபோலவே விழும். கேள்வியில் குரல் கடைசியில் ஏறும், கேள்விப்பட்டதைச் சொல்கையில் தணிந்து முடியும். அதைப் பிடிக்க முடியாவிட்டால் மறுபடி சொல்லச் சொல்வது நல்லது.

தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் இந்தப் பகுதியில் பலருக்கு இந்த ஒட்டு இரண்டு மொழியிலும் கைவசம். தெலுங்கில் “வச்சாடட” என்றால் “வந்தானாம்”, கன்னடத்தில் “பந்தனந்தெ”. வங்காளிகள் “நாகி” என்ற சொல்லை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் வெளியாள் ஆங்கிலம்தான்.

ஒட்டு இல்லாத நான்காவது வாக்கியத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. “ஒக்காந்துட்டாரு” என்று மொட்டையாக முடிந்ததால் அவர் கண்ணால் பார்த்தார் என்று எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் முன் வாக்கியத்தில் “ஆம்” போட்டவர் இதில் போடவில்லை. ஆனால் தமிழில் “ஆம்” கட்டாயம் இல்லை. நீளமாகப் பேசுகிறவர் முதல் வாக்கியத்தில் போட்டுவிட்டு அடுத்த நாலில் விட்டுவிடுவதும் சகஜம். ஒட்டு இருந்தால் கேள்விப்பட்டது நிச்சயம். ஒட்டு இல்லாவிட்டால் பார்த்தது நிச்சயம் என்று சொல்ல முடியாது.

ஓ: எனக்கே தெரியவில்லை

ஆ, ஏ, ஓ மூன்றையும் தொல்காப்பியம் வினா எழுத்து என்கிறது. இன்றைய பேச்சில் கேள்வி வேலையின் பெரும்பங்கு “ஆ”விடம் போய்விட்டது. “போட்டாரா?” என்றால் எதிரில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். “போட்டாரோ” என்றால் பதில் எதிர்பார்க்கவில்லை, சொல்கிறவர் தனக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறார். “இன்னாமோ” சேர்ந்தால் அந்தத் தெரியாமை உறுதியாகிறது. மற்ற ஊர்களில் “என்னமோ”, “என்னவோ”.

அதனால் “டிட் ஹி டேக் ஹிஸ் டேப்லெட்?” என்பது தவறு. மருத்துவருக்கு எப்படித் தெரியும்? சரியான வடிவம் “ஐ ஆம் நாட் ஷூர் வெதர் ஹி டுக் இட்”. இங்கே “வெதர்” என்ற சொல்தான் “ஓ”வின் இடத்தில் உட்கார்கிறது. “ஐ வொண்டர் இஃப் ஹி டுக் இட்” என்பதும் இலக்கணப்படி பொருந்தும். ஆனால் அதில் ஓர் ஓய்வான யோசனை இருக்கிறது, பதற்றத்தோடு நிற்கும் மருமகளுக்கு அது ஒத்துவராது. வீட்டுத் திண்ணையில் “மழ வருமோ” என்று வானம் பார்க்கிறவருக்கு “ஐ வொண்டர்” கச்சிதம்.

“ஓ”வின் நுட்பம் பயத்தைச் சொல்லும் வாக்கியத்தில் நன்றாகத் தெரியும். “வுழுந்துடுவாருன்னு பயமா இருக்குது”, “வுழுந்துடுவாரோன்னு பயமா இருக்குது” இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் விழுவார் என்றே நினைக்கிறார். இரண்டாவதில் விழலாம், விழாமலும் இருக்கலாம், அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் பயப்படுகிறார். ஆங்கிலத்தில் இந்த ஓர் எழுத்து துணைவினையாக மாறும்: முன்னது “ஐ ஆம் அஃப்ரெய்ட் ஹி வில் ஃபால்”, பின்னது “ஐ ஆம் அஃப்ரெய்ட் ஹி மைட் ஃபால்”. பலர் இரண்டுக்கும் “வில்” போடுகிறார்கள். முதியவரைத் தனியாகக் குளியலறைக்கு விடலாமா என்று தீர்மானிக்கிறவருக்கு இந்த “மைட்”, “வில்” வேறுபாடு தேவைப்படும்.

கேள்விச் சொல்லோடு சேர்ந்தால் “ஓ” சலிப்பாகிவிடும். “எப்ப கூப்புடுவாங்களோ” என்று வரிசையில் உட்கார்ந்து சொல்வதற்கு “ஹூ நோஸ் வென் தே வில் கால் அஸ்” என்பது பொருத்தம். இதை “வென் வில் தே கால் அஸ்?” என்று மாற்றிக் கவுன்டரில் போய்ச் சொன்னால் தகராறு பண்ண வந்த மாதிரி ஆகும். புலம்பியவர் புலம்பியதோடு விட்டிருப்பார்.

ஏ: அடித்துச் சொல்கிறேன்

“ஏ”க்குத் தொல்காப்பியம் தரும் ஐந்து பொருளில் முதலாவது தேற்றம், அதாவது உறுதி. இரண்டாவது வினா, மற்றவை பிரிநிலை, எண், ஈற்றசை. பேச்சில் நமக்கு இன்று அதிகம் வேண்டியிருப்பது தேற்றமும், ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் பிரிநிலையும். இரண்டுமே மருமகளின் பேச்சில் இருக்கின்றன.

“நேத்து காலையில போட்டாரே” என்பதில் உள்ள “ஏ” எதிரில் ஒரு நினைப்பு இருப்பதாக வைத்துக்கொண்டு அதை முட்டுகிறது. மாத்திரையே ஒழுங்காகப் போடுவதில்லை போல என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்படி இல்லை, நேற்று போட்டார், நான் பார்த்தேன். “ஹி டுக் இட் யெஸ்டர்டே” என்ற வாக்கியத்தில் அந்த முட்டல் இல்லை. ஆங்கிலம் இதற்கு வைத்திருக்கும் கருவி “டூ” என்ற துணைவினை. “பட் ஹி டிட் டேக் இட் யெஸ்டர்டே.” இறந்த காலத்தை “டுக்” என்பதிலிருந்து உருவி “டிட்” என்று முன்னால் நிறுத்தி, அதன் மேல் குரலின் பாரத்தைப் போட வேண்டும். ஏற்கெனவே துணைவினை இருந்தால் “டூ” தேவையில்லை, இருப்பதையே அழுத்தினால் போதும்: “சாப்ட்டிருக்காரே” என்பதற்கு “ஹி ஹாஸ் ஈட்டன்” என்று “ஹாஸ்” மேல் அழுத்தம்.

தமிழில் “ஏ” ஓர் எழுத்து, காகிதத்திலும் இருக்கும். ஆங்கிலத்தில் அழுத்தம் குரலில் இருப்பதால் எழுத்தில் காணாமல் போகும். “ஹி ஹாஸ் ஈட்டன்” என்று எழுதினால் யார் எதை மறுத்தார் என்று தெரியாது. எழுதும்போது “பட்”, “டெஃபினிட்லி” போல ஏதாவது ஒரு சொல்லைச் சேர்த்துத்தான் ஈடுகட்ட வேண்டும். ஆங்கிலத்தைப் படித்தே கற்றவர்கள் பேச்சிலும் அழுத்தம் போடாமல் போவதற்கு இது ஒரு காரணம். அழுத்தம் வராததால், அதன் இடத்தில் ஒரு சொல்லை வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிவிடுகிறார்கள்: “ஒன்லி”. தமிழ் வாக்கியத்தின் வால் அப்படியே ஆங்கிலத்திலும் முளைக்கிறது.

அந்த “ஒன்லி” விபரீதமாகும் இடம் மருமகளின் ஐந்தாவது வாக்கியம். “போன மாசமே சொன்னோம்” என்பதில் இருப்பது பிரிநிலை: இன்றைக்குப் புதிதாகச் சொல்லவில்லை, அவ்வளவு முன்னாலேயே சொல்லிவிட்டோம் என்பது பொருள். “லாஸ்ட் மந்த் ஒன்லி வி டோல்ட் யூ” என்று இதைக் கேட்கிற வெளிநாட்டுக்காரருக்கு “போன மாசம்தான் சொன்னோம், அதுக்கு முன்னாடி சொல்லல” என்று விழும். முன்கூட்டியே சொன்னோம் என்ற முறையீடு, தாமதமாகச் சொன்னோம் என்ற ஒப்புதலாகத் தலைகீழாகிவிட்டது. தமிழில் “மாசமே”, “மாசம்தான்” என்று எழுத்தே வேறாக இருக்கிறது. “ஒன்லி” இரண்டையும் ஒன்றாகக் கரைத்துவிட்டது. காலச்சொல்லோடு வரும் “ஏ”க்கு ஆங்கிலத்தில் “ஆல்ரெடி” அல்லது “ஆஸ் ஏர்லி ஆஸ்” போட வேண்டும்: “வி ஹாட் ஆல்ரெடி டோல்ட் யூ லாஸ்ட் மந்த்.” “தான்” வந்தால்தான் “ஒன்லி”: “நேத்துதான் வந்தோம்” என்பதற்கு “வி கேம் ஒன்லி யெஸ்டர்டே”, இதில் தப்பே இல்லை. “லாஸ்ட் மந்த் இட்செல்ஃப்” என்று சொல்வதும் நம் பக்கம் உண்டு. இந்தியாவுக்குள் புரியும், தலைகீழாகவும் ஆகாது. வெளியே போனால் கேட்கிறவர் முழிப்பார், அவ்வளவுதான்.

ஒரே “ஏ” வருத்தத்துக்கும் வரும், வியப்புக்கும் வரும். “டாக்டர் போயிட்டாரே” என்று நீட்டி இறக்கினால் “ஓ நோ, ஹி ஹாஸ் லெஃப்ட்”. வெடுக்கென்று சொன்னால், இன்னும் இருக்கிறார் என்று நினைப்பவருக்கு மறுப்பு. வியப்பில் “அட, மழ வருதே!” என்று முன்னால் ஒரு “அட” வந்து உதவும். எழுத்தில் மட்டும் இருந்தால் முன் வாக்கியத்தைப் பார்த்துத்தான் எந்த “ஏ” என்று முடிவு செய்ய வேண்டும். “வாங்களேன்”, “சொல்லுங்களேன்” என்பவற்றில் இருப்பது தனி ஒட்டு, கட்டளையை அழைப்பாக இளக்குவது. ஆங்கிலம் அங்கே “வை டோன்ட் யூ கம் இன்” என்று தமிழுக்கு ஆச்சரியமாக நெருங்கி வருகிறது.

ல்ல: உங்களுக்கும் தெரியும்

“சொன்னோம்ல” என்பதன் வாலுக்கு ஆங்கில ஜோடி தயாராகவே இருக்கிறது, அதுதான் வால் கேள்வி: “வி டோல்ட் யூ, டிட்ன்ட் வி?” முன்னால் உள்ள வினைக்கேற்ப வால் மாற வேண்டும் என்பதால் நம்மில் பலர் எல்லாவற்றுக்கும் “நோ?” அல்லது “இஸின்ட் இட்?” போட்டு முடித்துவிடுகிறார்கள். புரியும், அதனால் பெரிய கேடில்லை. கேடு குரலில் வரும். ஆங்கில வாலைக் கீழே இறக்கிச் சொன்னால் அது பிடிவாதம், மேலே ஏற்றினால் உண்மையான கேள்வி. தமிழ் “ல்ல” பெரும்பாலும் இறங்கித்தான் ஒலிக்கும். அதே இறக்கத்தோடு “டிட்ன்ட் வி” என்று மருத்துவரிடம் சொன்னால் குற்றச்சாட்டாகிவிடும். மருமகள் சண்டைக்கு வரவில்லை, நினைவுபடுத்துகிறாள். தமிழில் “சொன்னோம்லங்க” என்று ஒரு “ங்க” சேர்த்தால் மரியாதை வந்துவிடும், ஆங்கிலத்தில் அந்த “ங்க”வுக்குச் சொல் இல்லை. வாக்கியத்தையே மாற்றி “ஆஸ் வி மென்ஷன்ட் லாஸ்ட் மந்த்” என்றால் “மாசமே”யின் முன்கூட்டிய தன்மையும் “ல்ல”வின் நினைவூட்டலும் பண்போடு சேர்ந்து போய்விடும்.

இப்போது ஐந்தும் சேர்ந்து இப்படி வரும்: “ஐ வாஸ் டோல்ட் ஹி வாமிட்டட் ட்வைஸ் லாஸ்ட் நைட். ஐ ஆம் நாட் ஷூர் வெதர் ஹி டுக் ஹிஸ் டயபெட்டிஸ் டேப்லெட் ஆஃப்டர் தட். ஹி டிட் டேக் இட் யெஸ்டர்டே மார்னிங். ஜஸ்ட் நௌ, வென் வி காட் ஆஃப் தி பஸ், ஹி ஃபெல்ட் ஃபெயின்ட் அண்ட் சாட் டௌன். ஆஸ் வி மென்ஷன்ட் லாஸ்ட் மந்த், ஹி ஹாஸ் பீன் கெட்டிங் டிஸ்ஸி.” தமிழை விட நீளம்தான். நீண்ட பகுதிகளை எண்ணினால் “ஐ வாஸ் டோல்ட்”, “ஐ ஆம் நாட் ஷூர் வெதர்”, “டிட்”, “ஆஸ் வி மென்ஷன்ட்”, நான்கும் ஒட்டுகளின் ஈடு. இரண்டாம் வாக்கியத்தில் உள்ள “ஆஃப்டர் தட்” மட்டும் ஒட்டிலிருந்து வந்ததல்ல. நேற்றுக் காலை போட்டதும் அதற்குப் பின் போட்டது தெரியாததும் முரண்படாமல் நிற்க, ஆங்கிலத்துக்கு அந்தக் காலக்குறிப்பு வேண்டியிருக்கிறது. தமிழில் “ஓ”வும் “ஏ”வும் அடுத்தடுத்து நின்றதிலேயே அது விளங்கிவிட்டது. இருந்தாலும் மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதுவதுதான் முறை.

இந்த ஒட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஏறும், அப்போது “ஆம்” உள்ளே நிற்கும், மற்றவை அதற்கு வெளியே. “வருவாராமா?” என்றால் வருவாரா என்று கேட்கவில்லை, வருவதாகச் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்கிறார். டாக்டர் அறைக்குள் போய்விட்டு வந்த நர்ஸிடம் “இன்னிக்கே வீட்டுக்கு அனுப்புவாங்களாமா?” என்று கேட்டால், நர்ஸின் கருத்தை யாரும் கேட்கவில்லை, “டிட் தே சே வெதர் தே வில் டிஸ்சார்ஜ் ஹிம் டுடே?” என்பதே அதன் ஆங்கிலம். அதையே “அனுப்பிடுவாங்களாமே!” என்று “ஏ” போட்டு முடித்தால் சேதி ஏற்கெனவே காதுக்கு வந்துவிட்டது, நர்ஸ் வாயால் ஆமாம் என்று கேட்க வேண்டும் என்பதுதான் பாக்கி: “ஸோ ஐ ஹியர் தே ஆர் டிஸ்சார்ஜிங் ஹிம் டுடே?”